நாட்ட மதிப்பெண்ணா, சேர்தகவா?

திட்டங்களின் பலனை மதிப்பிடும் அறிக்கைகளின் தமிழாக்கங்களில் 'நாட்ட மதிப்பெண்' என்ற தொடர் மறுபடியும் கண்ணில் படுகிறது. புரொபென்சிட்டி ஸ்கோர் என்பதற்கு அகராதியைத் திறந்து முதல் பொருளை எடுத்து ஒட்டிய வேலை. சொல்லின் வேர் லத்தீன். முன்பக்கம் தொங்குவது, சாய்வது என்று பொருள். ஆங்கிலப் பேச்சில் அது மனச்சாய்வைக் குறிப்பது உண்மைதான். ஆனால் 1983-இல் புள்ளியியலாளர்கள் ரோசன்பாமும் ரூபினும் அதைக் கலைச்சொல்லாக்கியபோது மனத்துக்கு அதில் இடம் வைக்கவில்லை. ஒருவருடைய தெரிந்த விவரங்களை வைத்துப் பார்த்தால், அவர் திட்டத்துக்குள் இருப்பதற்கான நிகழ்தகவு எவ்வளவு என்பதே அவர்கள் சொன்னது.

இத்துறையில் எல்லோரும் எடுத்தாளும் வழக்கு அமெரிக்காவின் என்.எஸ்.டபிள்யூ. வேலைப்பயிற்சித் திட்டம். 1970-களின் நடுவில் நெடுநாள் வேலையற்றோர், சிறை மீண்டோர், படிப்பை விட்டோர் முதலியவர்களில் சிலருக்குக் குலுக்கல் முறையில் இடம் கொடுத்தார்கள். 1999-இல் தெஹெஜியாவும் வாபாவும் ஆராய்ந்த தொகுப்பில் பயிற்சி பெற்ற ஆண்கள் 185 பேர். குலுக்கலில் இடம் கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டால், 1978-இல் இவர்களுடைய ஆண்டு வருமானம் 1,794 டாலர் அதிகம். அந்த ஒப்பீட்டுக் குழுவை நீக்கிவிட்டு, அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மாதிரியிலிருந்து 15,992 பேரை வைத்தால், பயிற்சி பெற்றவர்கள் சுமார் 8,500 டாலர் குறைவாகச் சம்பாதித்ததாகத் தெரிகிறது. பயிற்சி ஆளைக் கெடுத்துவிடவில்லை. பயிற்சிக்கு முன்பே, 1975-இல், அவர்களின் சராசரி வருமானம் ஏறக்குறைய 1,500 டாலர். கணக்கெடுப்பில் இருந்தவர்களுக்கு 13,600-க்கு மேல்.

எனவே, முன்பே இவர்களை ஒத்திருந்தவர்களோடு மட்டும் ஒப்பிடுவதற்காக, வயது, படிப்பு, இனம், மணநிலை, முந்தைய வருமானம் ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொருவருக்கும் 0-க்கும் 1-க்கும் இடையில் ஓர் எண்ணைக் கணிக்கிறார்கள். கணக்கெடுப்பு ஆட்களில் பெரும்பாலோருக்கு அது பூச்சியத்தை ஒட்டியே வரும். பயிற்சி பெற்றவர்களில் 0.4 வந்த ஒருவருக்கு, 0.4-ஐ ஒட்டி இருக்கும் வெளியாளைத் தேடி இணை சேர்ப்பார்கள். அந்த வெளியாள் திட்டத்தின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிருக்க வேண்டியதில்லை. அவருக்கு எதன்மேல் நாட்டம்? 'மதிப்பெண்' இன்னும் மோசம். அதிகம் வாங்கினால் தேர்ச்சி என்று படிப்பவர் நினைப்பார். இங்கே 0.9 என்பது பாராட்டு அன்று. 'சாய்வு' என்று சமாதானம் சொல்வோரும் உண்டு. கோட்டின் சரிவுக்கும் ஒருதலைச் சார்புக்கும் ஏற்கெனவே ஓடிக் களைத்த சொல் அது. மூன்றாவது சுமை வேண்டாம்.

நிகழ்தகவு பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கும்போது 'சேர்தகவு' என்று சொல்வதில் என்ன தடை? 'தகவு' என்றால் தகுதி அல்லவா, குழப்பாதா என்பார்கள். நிகழ்தகவை எவரும் நிகழத் தகுதி என்று படிப்பதில்லையே.

அடுத்த கோளாறு 'சமநிலை'. '185 பேருக்கு 185 பேர் இணை சேர்த்தோம், சமநிலை எட்டப்பட்டது' என்று எழுதிவிடுகிறார்கள். தலைகளின் எண்ணிக்கை ஒத்துப்போனால் போதுமா? இணை சேர்த்த பிறகு, இரு குழுக்களிலும் வயது, படிப்பு, பழைய வருமானம் ஒவ்வொன்றும் ஒத்திருக்கின்றனவா என்பதே சோதனை. அதற்கு 'ஒப்புநிலை' பொருந்தும். சராசரிகளின் வேறுபாட்டைத் திட்டவிலக்கத்தால் வகுத்துப் பார்ப்பார்கள். இணை சேர்க்கும் முன் பயிற்சி பெற்றவர்களின் சராசரி வயது 26-ஐ ஒட்டியது, வெளியாட்களுடையது 33, வகுத்தால் 0.8 அளவில் வரும். 0.1-க்குக் கீழ் இறங்க வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். சராசரி ஒத்தும் பரவல் ஒவ்வாமல் இருக்கலாம். அதனால் விலக்க வர்க்கச் சராசரிகளின் விகிதத்தையும் பார்க்க வேண்டும். இறங்கவில்லையென்றால் வருமானத்தின் வர்க்கத்தையோ இரு மாறிகளின் பெருக்கத்தையோ கணிப்பில் சேர்த்து மறுபடி இணை சேர்ப்பார்கள். 1978-இன் வருமானத்தை அதுவரை திறந்து பார்க்கக் கூடாது. பார்த்தால் பிடித்த விடை வரும்வரை திருத்தத் தோன்றும்.

சிலர் இதற்கு, சராசரிகளின் வேறுபாடு தற்செயலாக வந்திருக்குமா என்று பார்க்கும் டி-சோதனையைப் போட்டு, 'வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதல்ல' என்று முடித்துவிடுகிறார்கள். இணை சேர்க்கும்போது பதினாறாயிரம் பேர் சில நூறாகச் சுருங்குகிறார்கள். ஆட்கள் குறைந்தாலே அந்தச் சோதனை கண்ணை மூடிக்கொள்ளும். வேறுபாடு அப்படியே இருக்கும்.

தெஹெஜியாவும் வாபாவும் இந்த வழியில் 1,794-க்கு அருகில் வந்தார்கள். எந்த ஆட்களை எடுப்பது, எந்த மாறிகளைச் சேர்ப்பது என்பதைச் சற்று மாற்றினாலே விடை ஆடிவிடுகிறது என்று 2005-இல் ஸ்மித்தும் டாடும் காட்டினார்கள். அளக்காத குணங்களை எந்த ஒப்புநிலை அட்டவணையும் காட்டாது. வேலை கற்றே தீர வேண்டும் என்ற முனைப்பு அவற்றில் ஒன்று. அதாவது நாட்டம் என்பது இந்த எண்ணுக்குள் வராமல் வெளியே நின்றுவிடும் பொருள். அதையே எண்ணுக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள்.