வெட்டுத் தெரியாமல் சுற்றும் வீடியோ: ஒரு ஜமுக்காளக் கணக்கு

பவானியில் ஜமுக்காளக் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது: "ஏனுங்க, கடை முகப்புல 43 இன்ச் டிவி மாட்டியிருக்கறோம். ஜமுக்காளம் பக்கவாட்டுல நகர்ந்துட்டே இருக்கற மாதிரி வீடியோ. முடிஞ்சு மறுக்கா ஆரம்பிக்கறப்ப ஒரு துள்ளு துள்ளுதுங்க. எழுத்தும் எதிர்ச்சாரியில இருந்து பார்த்தாத் தெரியறதில்லை. என்ன பண்றதுங்க?"

இரண்டு குறைக்கும் விடை நம் கண்ணில் இருக்கிறது. முதலில் துள்ளலைப் பார்ப்போம்.

வீடியோ என்பது அசையாத படங்களின் வரிசை. அசைவைக் கட்டி எழுப்புவது நம் பார்வை மண்டலம். அது எப்படி நடக்கிறது என்பதற்கு 1956இல் ஹாசென்ஸ்டைன், ரைஹார்ட் என்ற இரு ஜெர்மானியர்கள் ஒரு வகை வண்டை ஆராய்ந்து அழகான மாதிரி ஒன்றைத் தந்தார்கள். அருகருகே இரண்டு ஒளி உணர்விகள். முதலாவதன் செய்தி சற்றுத் தாமதித்துப் போகிறது. இரண்டாவதன் செய்தி உடனே போகிறது. ஒரு பட்டை முதலாவதைக் கடந்து, அந்தத் தாமத நேரத்திலேயே இரண்டாவதையும் தொட்டால் இரண்டு செய்திகளும் ஒன்றாக வந்து சேரும். அப்போது "இந்தப் பக்கம் நகர்கிறது" என்ற அறிவிப்பு எழுகிறது. மனிதக் கண்ணைப் பற்றிய பிற்கால மாதிரிகள் பலவும் இதே அடிப்படையில்தான் நிற்கின்றன.

இந்த ஏற்பாட்டுக்குப் பட்டையின் அடையாளம் தெரியாது. முந்தைய படத்தில் இருந்த சிவப்புப் பட்டையும் இந்தப் படத்தில் உள்ள சிவப்புப் பட்டையும் ஒன்றுதானா என்று அது கேட்பதில்லை. அருகில் எது பொருந்துகிறதோ, அதுவே நகர்ந்து வந்ததாக எடுத்துக்கொள்ளும். வேகமாக ஓடும் வண்டிச் சக்கரம் சினிமாவில் பின்னோக்கிச் சுற்றுவதாகத் தெரிவது இதனால்தான். கடைக்காரருக்கு இது வரம். பட்டைகள் திரும்பத் திரும்ப வரும் துணியில், கண் அறியாமலே படத்தைத் தொடக்கத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிடலாம்.

அவருடைய ஜமுக்காளத்தையே கணக்குக்கு எடுப்போம். நிற வரிசை ஒரு முறை முழுதாக வந்து முடிய, திரையில் 480 பிக்சல் ஆகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் துணி 4 பிக்சல் நகர்ந்தால், 120 ஃப்ரேமில் சரியாக ஒரு வரிசை நகர்ந்திருக்கும். நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் 4 நொடி. 121ஆவது படம் முதல் படத்தை அப்படியே ஒத்திருக்கும். ஆகவே அதைச் சேர்க்கக் கூடாது. 120ஆவதோடு வெட்டிவிட வேண்டும். பலர் "முதலும் கடைசியும் ஒன்றாக இருக்கட்டும்" என்று அதையும் வைத்துவிடுகிறார்கள். அப்போது ஒரே படம் இரண்டு முறை வந்து, துணி நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் நிற்கும். அவ்வளவு சிறிய தடுமாற்றமும் கண்ணில் படும்.

குறை எங்கே என்பதைத் திரையே காட்டிக்கொடுக்கும். இணைப்பில் துணி நின்று போனால் ஒரு ஃப்ரேம் கூடுதல். முன்னோக்கித் துள்ளினால், வரிசை முடியும் முன்பே வெட்டியிருக்கிறீர்கள். பின்னோக்கி இழுத்தால், வரிசையைத் தாண்டிப் போய் வெட்டியிருக்கிறீர்கள். பாதி வரிசைக்கு மேல் தாண்டியிருந்தால் மட்டும் இந்த அடையாளம் தலைகீழாகும். கண் அருகில் உள்ள பட்டையைத்தானே பிடிக்கும்!

கைத்தறியில் இரண்டு பட்டைகள் அச்சு அசலாக ஒரே அகலத்தில் இருக்காது. அதனால் நீளத் துணியைப் படம் பிடித்து நகர்த்துவதைவிட, ஒரே ஒரு வரிசையைப் புகைப்படம் எடுத்து, அதன் நகல்களை அடுத்தடுத்து ஒட்டி நகர்த்துவது நல்லது. இரு ஓரத்திலும் வெளிச்சம் ஒரே அளவாக விழ வேண்டும். இல்லையென்றால் ஒட்டிய இடங்கள் கோடுகளாகத் தெரியும்.

தறி ஓடுவதைக் காட்ட ஆசைப்பட்டால் இந்தக் கணக்கு உதவாது. அதற்கு வேறு வழி உண்டு: எடுத்த காட்சியை நடுவில் வெட்டி, பின்பாதியை முன்னால் வையுங்கள். இப்போது வீடியோவின் முடிவும் தொடக்கமும், முன்பு அடுத்தடுத்து இருந்த இரு ஃப்ரேம்கள். அந்த இணைப்பு தானாகவே சரியாகிவிடும். பழைய முடிவும் பழைய தொடக்கமும் சந்திக்கும் இடம் நடுவுக்கு வந்துவிட்டது. அங்கே ஒரு நொடிக்கு ஒன்றை மங்கவிட்டு மற்றதை எழவிடுங்கள். கேமரா அசையாமல் ஸ்டாண்டில் நிற்க வேண்டும், வெளிச்ச அளவையும் பூட்டி வைத்திருக்க வேண்டும். மங்கும் அந்த நொடியில் நெசவாளரின் கை இரண்டாகத் தெரியும் என்பதால், கை ஓய்ந்திருக்கும் தருணங்களாகப் பார்த்து இரு முனையையும் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது ஒலி. வால்யூமைக் குறைத்தால் போதாது, ஒலித் தடத்தையே நீக்க வேண்டும். வழக்கமான ஏஏசி முறையில் ஒலியின் அளவீடுகள், அதாவது மாதிரிகள், 1024 கொண்ட பொட்டலங்களாகக் கட்டப்படுகின்றன. நொடிக்கு 48,000 மாதிரிகள் என்றால் நம் 4 நொடிக்கு 187.5 பொட்டலம் வரும். அரைப் பொட்டலம் கிடையாது, 188 ஆகிவிடும். படம் முடிந்த பிறகும் ஒலி சுமார் 11 மில்லிநொடி மிஞ்சுகிறது, சில பிளேயர்கள் அதற்காகக் காத்திருக்கும். யாருக்கும் கேட்காத ஒலி படத்தை நிறுத்தி வைக்கிறது!

பென் டிரைவில் இருந்து ஓட்டும் டிவிகள் பல, கோப்பு முடிந்ததும் அதை மூடி மறுபடி திறக்கும். திரை ஒரு கணம் கறுக்கும். அதைத் தடுக்க முடியாது, அபூர்வமாக்கலாம். ffmpeg என்ற இலவச மென்பொருளில் இந்தக் கட்டளையைக் கொடுங்கள்:

```
ffmpeg -stream_loop 899 -i jamakkalam.mp4 -an -c copy kadai.mp4
```

இதில் `-an` ஒலியை நீக்குகிறது. `-stream_loop 899` முதல் ஓட்டத்தோடு இன்னும் 899 முறை சேர்த்து, 4 நொடியை 900 முறை அடுக்கி ஒரு மணி நேரக் கோப்பாக்குகிறது. நொடிக்கு 8 மெகாபிட் தரத்தில் அது 3.6 ஜிபி வரும். பென் டிரைவ் FAT32 முறையில் இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது என்பதை நினைவில் வையுங்கள்.

இனி எழுத்து. நல்ல பார்வை, ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு அளவுள்ள இடைவெளியைப் பிரித்தறியும். எதிர்ச்சாரி 12 மீட்டர் தூரம் என்று வைத்தால் அது மூன்றரை மில்லிமீட்டர். கண் மருத்துவரின் அறையில் அசையாமல் உட்கார்ந்து படிக்கும் அளவு அது. சாலையில் போகிறவருக்கு இரு மடங்காவது கொடுங்கள்: 7 மில்லிமீட்டர். 43 இன்ச் முழு எச்டி திரையில் ஒரு பிக்சல் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர், எனவே 14 பிக்சல். எழுத்தின் கோடும், கோடுகளுக்கு நடுவே உள்ள வெளியும் இதற்குக் குறையக் கூடாது.

ஆங்கில E-க்கு மேலிருந்து கீழாக மூன்று கோடு, இரண்டு வெளி. நம் ஜ, இ போன்றவற்றுக்குள் சுழிகள் இருப்பதால் ஏழு அடுக்காவது தேவைப்படும். ஏழு பதினான்கு 98. எழுத்தின் உடல் மட்டும் சுமார் 100 பிக்சல் உயரம் வேண்டும். எடிட்டிங் மென்பொருளில் 100 என்று போட்டால் இது கிடைக்காது. அந்த எண்ணில் மேலே எழும் வளைவும் கீழே வரும் சுழியும் அடங்கும். உடலைத் தனியாக அளந்து பாருங்கள். மிகத் தடித்த எழுத்துருவில் சுழிகள் அடைந்துபோகும். தூரத்தில் முதலில் மறைவது புள்ளி. அதற்கும் 14 பிக்சல் விட்டம் கொடுத்து, எழுத்தோடு ஒட்டாமல் தள்ளி வையுங்கள்.

"பவானி ஜமுக்காளம்" இரண்டு வரியாக இந்த அளவில் தாராளமாக அடங்கும். முகவரி, கைப்பேசி எண், தள்ளுபடி எல்லாம் அடங்காது, அவற்றை விட்டுவிடலாம். 30 கிலோமீட்டர் வேகத்தில் பைக்கில் வருபவர் 30 மீட்டரை சுமார் மூன்றரை நொடியில் கடந்துவிடுகிறார். அவர் வீடியோவின் எந்தக் கணத்தில் நுழைவார் என்று சொல்ல முடியாது. ஆகவே துணி பின்னால் ஓடட்டும், கடைப் பெயர் அசையாமல் எப்போதும் நிற்கட்டும். நகரும் துணிமேல் நேரடியாக எழுதினால் பட்டையின் நிறம் மாறும்போதெல்லாம் எழுத்து கரையும். பின்னால் ஒரு கருநீலப் பலகையைக் கொடுத்து வெள்ளையில் எழுதுங்கள்.

பேருந்துப் பெயர்ப்பலகை முதல் மருத்துவமனை அறிவிப்பு வரை எல்லாம் மின்திரைக்கு மாறிவரும் காலம் இது. தமிழ் எழுத்துகள் எந்தத் தூரத்தில் எந்த அளவில் படிக்கக் கிடைக்கின்றன என்று எழுத்து எழுத்தாக அளக்கும் ஆய்வுகளுக்கு நம் பல்கலைக்கழகங்கள் பணம் ஒதுக்க வேண்டும். பெரிய கருவிகள் தேவையில்லை. அளவு நாடாவும் பொறுமையும் போதும். வாஸ்து பார்த்து மேற்கு வெயில் நேராக விழும் பக்கம் திரையை மாட்டும் கடைகளையும் பார்க்கிறேன். பிற்பகல் முழுக்க அந்தத் திரையில் எந்த அளவு எழுத்தும் தெரியாது. மாட்டுவதற்கு முன் மாலை 4 மணிக்கு அந்தச் சுவரில் வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.