34 ரிப்போர்ட்டுகள் ஏன் தாமதமாயின? பழி சுமத்தாமல் காரணம் தேடும் முறை

ஒரு பெரிய மருத்துவமனை லேபின் மாலை ஷிப்டை எடுத்துக்கொள்வோம். அவசரச் சிகிச்சைப் பிரிவிலிருந்து வந்த 96 இரத்த மாதிரிகளில் 34 மாதிரிகளின் ரிப்போர்ட், லேபுக்கு வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் போக வேண்டும் என்ற கெடுவைத் தாண்டிவிட்டது. மறுநாள் காலையில் இரண்டு விளக்கங்கள் வலம் வருகின்றன. முதலாவது, இரத்தத்தைப் பரிசோதிக்கும் அனலைசர் இயந்திரம் 35 நிமிடம் நின்றுபோனது என்பது; இரண்டாவது, பணியில் இருந்தவர் புதிய டெக்னீஷியன் என்பது. இங்கே தரப்படும் எண்கள் குறிப்பிட்ட எந்த மருத்துவமனையினுடையதும் அல்ல. லேப்களில் வழக்கமாகச் சேர்ந்தே வரும் சிக்கல்களைக் கொண்டு போட்ட மாதிரிக் கணக்கு இது. ஆனால் இதைப் பிரித்துப் பார்க்கும் முறை உண்மையானது. அப்படிப் பார்த்தால் மேற்சொன்ன இரண்டு விளக்கங்களும் நிற்பதில்லை.

பழி சுமத்தாத ஆய்வு என்பதை மனிதாபிமானச் சலுகையாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது தகவல் சேகரிப்பதற்கான ஏற்பாடு. தண்டனை வரும் என்று தெரிந்தால், நடந்ததைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் வாயைத் திறக்க மாட்டார். அமெரிக்காவில் 1976-இல் விமானிகளின் பிழை அறிக்கைகளைப் பெறும் திட்டம் தொடங்கியபோது, உரிமத்தைப் பறிக்கும் அதிகாரம் கொண்ட விமானத்துறையிடம் அல்லாமல் நாசாவிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்ததற்கு இதுவே காரணம்.

ஆய்வின் முதல் வேலை, யாரையும் கேட்பதற்கு முன் நேரக்கோட்டை அமைப்பது. ஒவ்வொரு டியூபுக்கும் லேப் கணினியில் பல நேரங்கள் பதிவாகியிருக்கும்: பார்கோடு ஸ்கேன் செய்து பெற்றுக்கொண்ட நேரம், அனலைசரில் ஏற்றிய நேரம், முடிவு வந்த நேரம், சரிபார்த்து வெளியிட்ட நேரம். இவற்றை அப்படியே நம்பிவிடக் கூடாது. நமது கணக்கில் அனலைசரின் உள்கடிகாரம் லேப் கணினியைவிட 20 நிமிடம் பின்தங்கியிருந்தது. இயந்திரம் நின்ற நேரமாக அதன் பதிவில் இருந்தது 5:45. திருத்திப் பார்த்தால் 6:05. கெடு தாண்டிய முதல் ரிப்போர்ட் 5:40-ஐ ஒட்டி வருவதால், திருத்தாத பதிவை வைத்துப் பார்ப்பவருக்கு இயந்திரமே குற்றவாளியாகத் தெரியும். திருத்திய பிறகு பார்த்தால், இயந்திரம் நிற்பதற்கு முன்பே 7 மாதிரிகள் கெடுவைத் தாண்டியிருந்தன.

அடுத்ததாக, ஒரு மாதிரி ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு நேரம் இருந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சாதாரண நாளில் ஓர் அவசர மாதிரி, பெற்றுக்கொண்ட பின் இரத்தம் உறையவும் தன் முறை வரவும் 12 நிமிடம் காத்திருக்கிறது. வேகமாகச் சுழற்றி, இரத்தத்திலிருந்து சீரம் என்ற தெளிந்த நீர்ப்பகுதியைப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜில் ஏற்றி, சுழற்றி, இறக்க 15 நிமிடம். அனலைசரில் 18 நிமிடம். சரிபார்க்க 5 நிமிடம். மொத்தம் 50 நிமிடம். கெடு 60 நிமிடம் என்பதால் கையிருப்பு வெறும் 10 நிமிடம்தான். எங்கேனும் ஓர் இடத்தில் எல்லா மாதிரிகளுக்கும் பொதுவாக 11 நிமிடம் கூடினால், ஒன்றிரண்டு அல்ல, வருகிற எல்லாமே கெடுவைத் தாண்டும். 34 தாமதங்கள் என்றால் 34 தவறுகள் என்று மனம் எண்ணுவது இயல்பு. ஆனால் இப்படிக் கொத்தாக வரும் தாமதங்களுக்குப் பின்னால் பெரும்பாலும் பொதுவான ஒரு நெருக்கடி இருக்கும். அது எந்தக் கட்டத்தில் என்பதுதான் கேள்வி. அந்த மாலையில், இயந்திரம் நிற்கும் வரை, அனலைசரில் செலவான நேரம் வழக்கம்போல 18 நிமிடம்தான். கூடியது, அனலைசருக்கு முந்தைய காத்திருப்பு.

காரணம் சென்ட்ரிஃப்யூஜ் வரிசையில் இருந்தது. லேபில் 16 டியூப் பிடிக்கும் சென்ட்ரிஃப்யூஜ்கள் இரண்டு. அவற்றில் ஒன்று பழுதாகி நான்கு நாட்களாகப் பழுதுபார்ப்புக்குக் காத்திருந்தது. ஒரு சுற்றுக்கு 15 நிமிடம் என்றால், மீதமிருந்த ஒன்றால் மணிக்கு 64 டியூப்களைச் சுழற்ற முடியும். எல்லாப் பிரிவுகளிலிருந்தும் சேர்த்து மாலை 3 முதல் 4 மணி வரை வந்தவை 56, சமாளித்தாகிவிட்டது. 4 முதல் 5 வரை வந்தவை 80. வரிசையில் 16 தேங்கின. 5 முதல் 6 வரை 72. தேக்கம் 24 ஆனது. 64 டியூபுக்கு ஒரு மணி என்றால் 24 டியூபுக்கு ஏறக்குறைய 22 நிமிடம். 10 நிமிடக் கையிருப்பு எப்போதோ தீர்ந்துவிட்டது.

இதற்குப் பிறகு நடப்பதுதான் பெரும்பாலான ஆய்வுகளை ஏமாற்றுகிறது. 6 மணிக்குப் பிறகு வரத்து மணிக்கு 50 ஆகக் குறைந்தது. வரத்து குறைந்தாலும் வரிசை உடனே கரையாது. மணிக்கு 14 என்ற அளவில்தான் குறையும். 24 டியூப்களின் தேக்கம் முழுதாகத் தீர 7:43 ஆகும். காத்திருப்பு கையிருப்புக்குள் அடங்குவதற்கே 7 மணி நெருங்கிவிடும். அதற்குள் வந்த மாதிரிகளின் ரிப்போர்ட் 8 மணி வரை தாமதமாகப் போய்க்கொண்டிருக்கும். ஷிப்ட் அறிக்கையை மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு, வேலை குறைந்த நேரத்தில்தான் அதிகம் தாமதமானதாகத் தெரியும். அந்த நேரத்தில் மேசையில் இருந்தவர் மந்தமானவர் என்ற முடிவுக்கும் வந்துவிடுவார். அவர் இறக்கிக்கொண்டிருந்தது 4 மணியின் சுமை.

அப்படியானால் நான்கு நாட்களாக யாரும் ஏன் உணரவில்லை? மற்ற நாட்களில் வரத்து மணிக்கு 56-ஐத் தாண்டவில்லை. ஒற்றைச் சென்ட்ரிஃப்யூஜ் போதுமானதாகத் தெரிந்தது. டென்மார்க்கின் தொலைபேசிப் பொறியாளர் எர்லாங் 1909-இலிருந்து வளர்த்தெடுத்த வரிசைக் கோட்பாடு இதை விளக்குகிறது. ஒழுங்கில்லாமல் வரும் வேலைகளை ஒரே இடத்தில் ஒவ்வொன்றாக முடிக்கும் மிக எளிய மாதிரியில், திறனில் பாதி பயன்பாட்டில் இருக்கும்போது சராசரிக் காத்திருப்பு ஒரு வேலைக்கு ஆகும் நேரத்துக்குச் சமம். பயன்பாடு 80 சதவீதமானால் அது நான்கு மடங்கு. 90 சதவீதமானால் ஒன்பது மடங்கு. சென்ட்ரிஃப்யூஜ் டியூப்களைத் தொகுதியாக எடுப்பதால் இந்த எண்கள் அப்படியே பொருந்தா. ஆனால் வளைவின் வடிவம் அதேதான்: 64-இல் 56 என்பது 88 சதவீதம், நிமிர்ந்து ஏறும் பகுதியின் அடிவாரம். லேப் அந்த இடத்தில் நிற்பது, ஏறத் தொடங்கும் வரை எந்தத் திரையிலும் தெரியவில்லை.

நேரக்கோடு தயாரான பின்தான் ஆட்களிடம் பேச வேண்டும். 'ஏன் அப்படிச் செய்தீர்கள்?' என்று கேட்டால் பதிலாகத் தற்காப்புதான் வரும். 'அந்த நேரத்தில் உங்கள் முன்னால் என்ன இருந்தது, அடுத்து என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள்?' என்று கேட்டால் விவரம் வரும். விளைவு தெரிந்த பிறகு அது முன்பே ஊகிக்கக்கூடியதாக இருந்தது என்று தோன்றும் மனமயக்கத்தை உளவியலாளர் பரூக் ஃபிஷ்ஹாஃப் 1975-இல் சோதனை வழியாகக் காட்டினார். ஆய்வுக் குழுவில் இருப்பவர்களுக்கும் அந்த மயக்கம் உண்டு.

புதிய டெக்னீஷியன் சொன்னது இது. 5:40-க்குப் பிறகு அவசரப் பிரிவிலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கின. அவசர மாதிரி எது என்பது கணினித் திரையில் மட்டுமே குறிக்கப்பட்டிருக்கும். டியூபைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். அழைப்பு வந்த பெயரை ரேக்கில் தேடிப் பிடித்து, வரிசையை முந்தி உடனே சுழற்றினார். அவற்றில் ஒன்று அப்போதுதான் எடுத்து வந்த டியூப். சீரம் டியூபில் இரத்தம் உறைய, எடுத்த நேரத்திலிருந்து ஏறத்தாழ 30 நிமிடம் வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து பெறும் இதய நோயாளியின் இரத்தமோ இன்னும் மெதுவாகத்தான் உறையும். முழுதாக உறையாமல் சுழற்றினால் சீரத்தில் ஃபைப்ரின் நார்கள் மிதக்கும். அனலைசரின் மெல்லிய உறிஞ்சுகுழாயை அந்த நார் அடைத்தது. 6:05-க்கு இயந்திரம் நின்றது. டியூப் லேபிளில் இரத்தம் எடுத்த நேரம் இல்லை. பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்த நேரம்தான் அச்சாகியிருந்தது. 40 நிமிடம் பழைய டியூப் என்றே அவர் நினைத்தார். லேபிளை வைத்து யார் பார்த்திருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

ஆக, இயந்திரம் நின்றது தாமதத்தின் காரணம் அல்ல, தாமதம் பெற்ற பிள்ளை. இதைச் சரிபார்க்கவும் வழி உண்டு. பதிவான வருகை நேரங்களை வைத்துக்கொண்டு, இயந்திரம் நிற்காதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்கை மறுபடி ஓட்டினால், 34-இல் 28 அப்போதும் தாமதமாகின்றன. இரண்டு சென்ட்ரிஃப்யூஜ்களும் ஓடுவதாக வைத்தால் திறன் மணிக்கு 128; அந்த வரத்தில் தேக்கமே உருவாவதில்லை.

'கவனமாக இருக்கவும்' என்ற சுற்றறிக்கை இங்கே எதையும் மாற்றாது. மாற்றக்கூடியவை மூன்று. அவசர மாதிரிகளுக்கு வேறு நிற மூடியும் தனி ரேக்கும் கொடுப்பது. லேபிளில் இரத்தம் எடுத்த நேரத்தை அச்சிடுவது. அவசர வேதியியல் பரிசோதனைகளுக்கு லித்தியம் ஹெப்பாரின் டியூபுக்கு மாறுவது. இந்த டியூபில் இரத்தம் உறையக் காத்திருக்க வேண்டியதில்லை, வந்தவுடன் சுழற்றலாம். லித்தியம் அளவு பார்ப்பதற்கு மட்டும் இதைப் பயன்படுத்தக் கூடாது. டியூபில் உள்ள லித்தியமே முடிவில் ஏறிவிடும். நேரத்தைத் திருத்தி எழுதுவது, குடித்துவிட்டுப் பணிக்கு வருவது போன்றவை இந்த ஆய்வுக்குள் வருவதில்லை. அவற்றை விசாரிக்கும் இடம் வேறு.

மாற்றம் பலித்ததா என்று பார்க்கும்போது ஒரு பொறி இருக்கிறது. பழுதான சென்ட்ரிஃப்யூஜ் திரும்பி வந்ததும் தாமதங்கள் தாமாகவே குறையும். மற்ற மாற்றங்கள் எதையும் செய்யாதிருந்தாலும் குறைந்திருக்கும். அதனால் மொத்தத் தாமத எண்ணிக்கையைப் பார்த்து மகிழ்வதில் பொருளில்லை. பெற்றுக்கொண்ட நேரத்திலிருந்து அனலைசரில் ஏற்றும் வரையான இடைவெளியையும், வாரத்துக்கு எத்தனை முறை உறிஞ்சுகுழாய் அடைப்பு எச்சரிக்கை வந்தது என்பதையும் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும். பராமரிப்புக்காக ஒரு சென்ட்ரிஃப்யூஜை நிறுத்தும் நாள் எப்படியும் வரும். அன்று மாலை வரும் அவசர மாதிரிகளைப் பிரித்தெடுத்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.