எம்ஆர்ஐ எடுக்க வருமுன் வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

"உடம்பில் உலோகம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டால் திருகோணமலைப் பக்கத்தில் எனக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் "ஒண்டும் இல்லை தம்பி" என்பதுதான். முதுகுவலிக்கு ஸ்கான் எடுக்க மூதூரிலிருந்து வந்த ஓர் அம்மாவும் அதையே சொன்னார். மகள் நிரப்பிய படிவத்திலும் எல்லாமே "இல்லை". சரி, கேள்வியை மாற்றிப் பார்ப்போம் என்று, "சண்டை நேரம் எங்கேயாவது காயம் பட்டதா அம்மா?" என்றேன்.

"2006இல ஷெல் பட்டது. துண்டு காலுக்குள்ளதான் கிடக்கு. எடுக்காம விட்டுட்டாங்க."

அவருக்கு அது உலோகம் இல்லை, பழைய காயம். எங்களுக்கோ அதுதான் முதல் கேள்வி. எம்ஆர்ஐ இயந்திரத்தின் காந்தம் ஸ்கான் ஓடாத நேரத்திலும் வேலை செய்துகொண்டே இருக்கும். உடம்புக்குள் இருக்கும் இரும்புத் துண்டை அது இழுக்கலாம், திருப்பலாம். கண்ணிலோ, முள்ளந்தண்டிலோ, பெரிய இரத்தக்குழாய்க்குப் பக்கத்திலோ துண்டு இருந்தால் பெரிய ஆபத்து. தசைக்குள் பல வருடம் கிடந்து, சுற்றித் தழும்பு மூடியிருந்தால் ஆபத்து குறைவு. அதை நானோ நோயாளியோ ஊகித்துச் சொல்ல முடியாது. எனவே காலுக்கு எக்ஸ்ரே எடுத்துக் கதிரியக்க மருத்துவரிடம் காட்டினோம். துண்டு கெண்டைக்கால் தசைக்குள் இருந்தது. சூடோ இழுவையோ தெரிந்தால் எங்களைக் கூப்பிடுவதற்காகக் கையில் கொடுக்கும் பந்தை உடனே அமத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு அவர் அனுமதித்தார்.

வெல்டிங், கிரைண்டிங் வேலை செய்பவர்களிடமும் கண்ணில் இரும்புத்தூள் பட்டதுண்டா என்று இப்படித்தான் கேட்கிறேன். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் திகதி எடுக்கும்போதே சொல்லி, அதன் அட்டையையும் காட்ட வேண்டும். எந்த வகை என்று பார்த்துத்தான் முடிவெடுக்கலாம்; ஸ்கான் அறை வாசலில் வைத்துத் தீர்க்கிற விஷயம் இல்லை அது.

அடுத்தது தாலி. பொன்னைக் காந்தம் இழுக்காது. ஆனால் அந்த அம்மாவின் கொடியில் மூன்று சேஃப்டி பின் தொங்கின! அவை இழுபடும். தங்கம் மட்டும் என்றாலும் உலோகம் சூடாகலாம், பக்கத்துப் படத்தைக் கெடுக்கலாம் என்பதால் கழற்றச் சொல்வோம். அந்த நேரத்தில் திடீரென்று "தாலியைக் கழற்றுங்கள்" என்றால் யாருக்குத்தான் மனம் வரும்? முதல்நாளே தெரிந்தால் வீட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வரலாம். அன்றைக்கு மகள்தான் கடைக்கு ஓடினார்.

அப்புறம் படுத்தபடி உள்ளே போகும் இயந்திரத்தின் குழாய். அம்மா உள்ளே போய் இரண்டு நிமிடத்தில் பந்தை அமத்திவிட்டார். "மூச்சு அடைக்குது தம்பி." குழாய் இரண்டு பக்கமும் திறந்தது, காற்றும் வரும். ஆனாலும் கண்ணைத் திறந்தவுடன் முகத்துக்கு மேலே கூரை தெரிந்தால் அந்த விளக்கமெல்லாம் உதவாது. வெளியே எடுத்து, முதுகு ஸ்கானுக்கு அப்படியும் எடுக்க முடியும் என்பதால் இந்தமுறை கால்ப்பக்கமாக உள்ளே அனுப்பினோம். தலை வாசலுக்குக் கிட்ட இருந்தது. மேசை நகர முன்னமே மடித்த துணியைக் கண்ணில் போட்டோம். உள்ளே போனபிறகு போட்டால் பயன் குறைவு. மகளையும் சோதித்து, கொண்டை ஊசியையும் போனையும் வெளியே வைத்துவிட்டு, தாயின் கையைப் பிடித்தபடி இருக்க விட்டோம். பயம் கூடியவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொன்னால் பொருத்தமானவர்களுக்கு மாத்திரை தருவார். அதைப் போட்டால் துணைக்கு ஆள் வேண்டும், மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது.

அசையாமல் கிடப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். முதுகு ஸ்கான் கிட்டத்தட்ட 20 முதல் 30 நிமிடம். அது சில நிமிடத் துண்டுகளாக ஓடும். தட்டுகிற சத்தம் நின்றால் ஒரு துண்டு முடிந்தது என்று அர்த்தம், ஸ்கான் முடிந்தது என்று அல்ல. அந்த இடைவெளியில் புரண்டால் முதல் படத்தை வைத்து நாங்கள் குறித்த இடமெல்லாம் விலகிவிடும். அம்மா மூன்றாவது துண்டில் இருமினார். திரையில் முள்ளெலும்பின் ஓரங்கள் இரட்டை நிழலாக விழுந்தன. அந்த நாலு நிமிடத்தையும் திரும்ப எடுத்தோம். பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் முன், "இப்ப நாலு நிமிஷம் அம்மா, இருமல் வந்தா இப்பவே இருமுங்க, இடுப்பை மட்டும் அசைக்காதீங்க" என்று ஒலிவாங்கியில் சொன்னேன். சாதாரணமாக மூச்சு விடலாம்.

அதற்குப் பிறகு நோயாளிகளுக்குக் கொடுக்கும் தாளை மாற்றி எழுதினேன்:

"ஷெல், துவக்குச்சூடு, கண்ணில் இரும்புத்தூள் பட்டிருந்தால் எத்தனை வருடமானாலும் சொல்லுங்கள். பழைய எக்ஸ்ரே இருந்தால் கொண்டுவாருங்கள்.

நகை, பின், மணிக்கூடு, கட்டுப்பல், தாயத்து எல்லாவற்றையும் வீட்டில் வையுங்கள். சரிகைச் சேலை வேண்டாம், மாற்றுடுப்பு தருவோம்.

முதல்நாள் இரவு கண்ணில் துவாயைப் போட்டு 20 நிமிடம் மல்லாந்து கிடந்து பாருங்கள். முடியாவிட்டால் வந்தவுடன் சொல்லுங்கள். முழங்காலுக்குக் கீழே தலையணை வைப்போம்.

வழமையான வலி மாத்திரையை மருத்துவர் சொன்னபடி நேரத்துக்குப் போடுங்கள். உள்ளே போகுமுன் சிறுநீர் கழித்துவிடுங்கள்.

பந்து உங்கள் கையில் இருக்கும். அமத்தினால் உடனே வருவோம்."