கிவ்அவே ஸ்லைடில் நிபந்தனையை எங்கே எழுதுவது?

பண்டிகை நெருங்கினால் சின்னக் கடைகளின் இன்ஸ்டாகிராம் பக்கங்களில் கிவ்அவே போட்டிகள் வரிசை கட்டும். அந்த ஸ்லைடுகளை எழுதி வடிவமைத்துத் தருவது என் தொழில். என்னிடம் வரும் கடைக்காரர்கள் யாரையும் ஏமாற்ற நினைப்பவர்கள் இல்லை. ஆனாலும் போட்டி முடிந்ததும் கமெண்டில் "இது ஏமாத்து வேலை" என்று சண்டை கிளம்பிவிடுகிறது. பெரும்பாலும் அதற்கான காரணம் ஸ்லைடிலேயே இருக்கும். பரிசு முதல் ஸ்லைடில் பளிச்சென்று நிற்கும். அந்தப் பரிசுக்கான நிபந்தனை கடைசி ஸ்லைடில் பொடி எழுத்தில் இருக்கும், அல்லது எங்கேயுமே இருக்காது.

ஈரோட்டில் ஒரு புடவைக் கடைக்குப் பொங்கலுக்காகச் செய்த வேலையை வைத்துச் சொல்கிறேன். உரிமையாளர் எழுதி அனுப்பியது மூன்றே ஸ்லைடு. முதலாவதில் "ரூ.20,000 பரிசு மழை!" இரண்டாவதில் "லைக், ஷேர், ஃபாலோ, 3 பேரை டேக் பண்ணுங்க, ஜெயிங்க!" மூன்றாவதில் "நிபந்தனைகளுக்கு உட்பட்டது."

அந்த இருபதாயிரம் என்ன என்று கேட்டேன். 4 பேருக்கு ஆளுக்கு ரூ.5,000 கூப்பன். சரி, அதை எப்படிப் பயன்படுத்துவது? பத்தாயிரத்துக்கு மேல் பில் போட்டால்தான் கழிப்பார்கள், அதுவும் 30 நாளுக்குள், கடைக்கு நேரில் வந்தால் மட்டும். அப்படியென்றால் சேலத்தில் இருக்கும் ஒருவர் ஜெயித்தால், ஈரோட்டுக்குப் பஸ் ஏறி வந்து, கையிலிருந்து குறைந்தது ஐயாயிரம் போட்ட பிறகுதான் அந்தப் பரிசு கைக்கு வரும். இதற்குப் பெயர் தள்ளுபடி. தள்ளுபடி கொடுப்பதில் தப்பே இல்லை, அதைத் தள்ளுபடி என்றே எழுதினால்.

"ஏங்க, கூப்பனைக் கொண்டாந்து அந்தத் தொகைக்கு மட்டும் வாங்கிட்டுப் போனா எனக்கு என்னங்க மிச்சம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். "அப்ப தொகையைக் குறைச்சுக்கலாங்க அண்ணா. ஆனா குடுக்கிறதை முழுசாக் குடுத்துருவோம்" என்றேன். கணக்குப் போட்டுப் பார்த்து ஆளுக்கு ரூ.3,000 என்று முடிவு செய்தார். குறைந்தபட்ச பில் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டார். முதல் ஸ்லைடு இப்படி மாறியது:

> 4 பேருக்கு, ஆளுக்கு ரூ.3,000 கூப்பன்.
> குறைந்தபட்ச பில் தொகை கிடையாது. மார்ச் 31, 2026 வரை கடையிலும் வாட்ஸ்அப் ஆர்டரிலும் செல்லும். ஒரே பில்லில் பயன்படுத்த வேண்டும். மீதித் தொகை பணமாகத் தரப்படாது. இந்தியாவில் முகவரி உள்ளவர்களுக்கு மட்டும்.

"பரிசு மழை" போனதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். ஆனால் மொத்தத் தொகையைப் பெரிதாகப் போடுவதை நான் எப்போதும் எதிர்ப்பேன். பார்ப்பவர் மனதில் ஓடும் கேள்வி "எனக்கு எவ்வளவு கிடைக்கும்" என்பதுதான். அதற்குப் பதில் மூவாயிரம் என்றால் மூவாயிரம்தான் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

நிபந்தனை ஏன் அதே ஸ்லைடில் இருந்தாக வேண்டும்? ஸ்லைடுகள் எப்போதும் சேர்ந்தே பயணிப்பதில்லை. முதல் ஸ்லைடை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். அங்கே கேப்ஷன் இல்லை, கடைசி ஸ்லைடும் இல்லை. இன்ஸ்டாகிராமும், ஒருவர் நகர்த்திப் பார்க்காமல் கடந்துபோன போஸ்ட்டை அடுத்த முறை இரண்டாவது ஸ்லைடிலிருந்து காட்டுவது உண்டு. ஆகவே ஒவ்வொரு ஸ்லைடையும் தனியாகப் பிரித்து எடுத்து, இதை மட்டும் பார்த்தவர் தவறாகப் புரிந்துகொள்வாரா என்று பார்ப்பது என் வழக்கம்.

சட்டமும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, சொன்னபடி கொடுக்கும் எண்ணமில்லாமல் பரிசு அறிவிப்பதை நியாயமற்ற வணிக முறை என்கிறது. வாங்கும் விலையிலேயே அந்தச் செலவை ஏற்றிவிட்டு இலவசம் என்ற தோற்றம் தருவதும் அதில் சேரும். 2022 ஜூனில் வந்த தவறான விளம்பரங்களுக்கு எதிரான வழிகாட்டு நெறிமுறைகள் இன்னும் நேரடியாகப் பேசுகின்றன. விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில்தான் நிபந்தனையும் இருக்க வேண்டும், கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும் என்கின்றன. பரிசைத் தமிழில் கூவிவிட்டு நிபந்தனையை ஆங்கிலத்தில் ஓரமாக ஒட்டும் பழக்கம் நம் ஊரில் நிறைய இருக்கிறது. அதை உடனே நிறுத்த வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விற்பனையைக் கூட்டுவதற்காக நடத்தும் போட்டியையும் குலுக்கலையும் அதே சட்டம் நியாயமற்ற முறைகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடையும் இருக்கிறது. "ஆயிரம் ரூபாய்க்கு வாங்கினால் ஒரு குலுக்கல் டோக்கன்" என்ற மாதிரித் திட்டத்தோடு யாராவது வந்தால், முதலில் வக்கீலைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்புவேன். ஸ்லைடை எவ்வளவு தெளிவாக எழுதினாலும் அந்தச் சிக்கல் தீராது.

இனி கலந்துகொள்ளும் முறை. "லைக், ஷேர், ஃபாலோ, 3 பேரை டேக்" என்ற வரி எல்லோருக்கும் பழகியதுதான், ஆனால் அதில் எத்தனை ஓட்டை என்று பாருங்கள். மூன்று பேரை ஒரே கமெண்டில் டேக் செய்வதா, மூன்று கமெண்டாகவா? பத்து கமெண்ட் போட்டால் பத்து வாய்ப்பா? நடிகர்களின் கணக்கை டேக் செய்தால் செல்லுமா? ஷேர் என்றால் ஸ்டோரியிலா, தோழிக்கு மெசேஜிலா? மெசேஜில் அனுப்பியதைக் கடைக்காரர் பார்க்கவே முடியாது. ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். பிரைவேட் கணக்கு என்றால், அவரை ஃபாலோ செய்யாத கடைக்காரருக்கு அந்த ஸ்டோரி தெரியவும் தெரியாது. சரிபார்க்க முடியாத நிபந்தனை நேர்மையாகச் செய்தவருக்கு வெறும் கூடுதல் வேலை. செய்யாதவரும் அதே வாய்ப்போடு உள்ளே வந்துவிடுகிறார். சரிபார்க்க முடியாத எதையும் ஸ்லைடில் ஏற்றாதீர்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது ஸ்லைடு கடைசியில் இப்படி வந்தது:

> 1. எங்கள் பக்கத்தை ஃபாலோ செய்யுங்கள்.
> 2. இந்தப் பொங்கலுக்கு யாருக்குப் புடவை எடுக்கப் போகிறீர்கள்? இந்தப் போஸ்ட்டின் கீழே ஒரு கமெண்ட் எழுதுங்கள்.
> ஒருவருக்கு ஒரு கமெண்ட் மட்டுமே கணக்கு. லைக், ஷேர், டேக் தேவையில்லை. எதுவும் வாங்க வேண்டியதில்லை.

"தேவையில்லை" என்பதை எழுதியே ஆக வேண்டும். எழுதாவிட்டால் மக்கள் பழக்கத்தில் எல்லாவற்றையும் செய்வார்கள். அப்புறம், டேக் செய்யாத ஒருவர் ஜெயித்ததும் மற்றவர்களுக்குக் கோபம் வரும். ஃபாலோ செய்கிறாரா என்பதை ஆயிரம் பேருக்குப் பார்க்க வேண்டாம். குலுக்கலில் வந்த நாலு பேரின் பெயரை மட்டும் ஃபாலோயர் பட்டியலில் தேடினால் போதும்.

மூன்றாவது ஸ்லைடில் தேதி. "ஜனவரி 10 வரை" என்று எழுதினால் பத்தாம் தேதி சேருமா சேராதா என்று நாலு பேர் கேட்பார்கள். "நள்ளிரவு 12 மணி" அதைவிட மோசம், எந்த நாளின் நள்ளிரவு என்றே தெரியாது. "ஜனவரி 10, 2026, சனிக்கிழமை இரவு 9 மணி வரை (இந்திய நேரம்)" என்று எழுதினோம். கிழமையையும் சேர்த்து எழுதினால் தேதியைத் தவறாக அடித்திருந்தாலும் அங்கேயே தெரிந்துவிடும். இந்திய நேரம் என்பது சிங்கப்பூரிலும் துபாயிலும் இருந்து ஊரில் உள்ள அம்மாவுக்காகக் கலந்துகொள்பவர்களுக்காக. 9 மணி வைத்ததற்குக் காரணம், அந்த நேரத்தில் கடையில் ஆள் விழித்திருந்து கமெண்டுகளைப் பதிவெடுக்க முடியும்.

அதே ஸ்லைடில் தேர்வு முறையும் வேண்டும். "அதிர்ஷ்டசாலிகள் தேர்ந்தெடுக்கப்படுவர்" என்பது முறை ஆகாது. கமெண்ட் எழுதிய கணக்குகளுக்கு வரிசை எண் கொடுத்து, ஜனவரி 11 மாலை 6 மணிக்கு லைவில் நாலு எண்களைக் குலுக்கி எடுப்போம் என்று எழுதினோம். 18 வயது நிரம்பியவர்கள் மட்டும், கடை ஊழியர்களும் அவர்கள் குடும்பத்தினரும் கிடையாது, ஜெயித்தவர் 48 மணி நேரத்துக்குள் பதில் தராவிட்டால் வேறொருவர் குலுக்கலில் எடுக்கப்படுவார் என்பதும் அதில் அடங்கியது.

பதிவேற்றுவதற்கு முன் இந்த ஸ்லைடைக் கடைக்காரர் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும் என்று கேட்பேன். போஸ்ட் போன பிறகு கேப்ஷனை மாற்றலாம், ஸ்லைடின் படத்தை மாற்ற முடியாது. முழுப் போஸ்ட்டையும் அழித்தால் வந்த கமெண்டுகளும் போய்விடும். கமெண்ட் குறைவாக வந்தது என்று நடுவில் கடைசித் தேதியைத் தள்ளுவதும் கூடாது. நேரத்தோடு வந்தவரின் வாய்ப்பை அது குறைக்கிறது.

நாலாவது ஸ்லைடில் எல்லோரும் மறந்துவிடும் இரண்டு விஷயம். ஒன்று, இந்தப் போட்டியை இன்ஸ்டாகிராம் நடத்தவில்லை, ஆதரிக்கவில்லை, அதற்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்பதைக் கலந்துகொள்பவர் ஏற்க வேண்டும். இது இன்ஸ்டாகிராமின் சொந்த விதியே கேட்பது. இன்னொன்று என் கணக்கில் அதைவிட முக்கியம். கிவ்அவே போட்டால் கடையின் பெயரில் ஒரு எழுத்தை மாற்றிப் போலிக் கணக்கு தொடங்கி, கமெண்ட் எழுதியவர்களுக்கு "நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள், கூரியருக்கு 200 ரூபாய் அனுப்புங்கள்" என்று மெசேஜ் அனுப்பும் கூட்டம் இருக்கிறது. அதனால் கணக்கின் பெயரை எழுத்து எழுத்தாகப் போட்டு, "இந்தக் கணக்கிலிருந்து மட்டுமே தொடர்புகொள்வோம். பணமோ ஓ.டி.பி.யோ வங்கி விவரமோ கேட்க மாட்டோம்" என்று எழுதினோம். கூப்பனை மெசேஜிலேயே அனுப்புவதால் கூரியர் என்ற பேச்சே இல்லை.

பரிசு ரூ.10,000-ஐத் தாண்டினால் வரி வந்து நிற்கும். ரூ.45,000 போனைப் பரிசாக வைத்தால் 30 சதவீதம், அதாவது ரூ.13,500, வரியாகக் கட்டப்பட்டதை உறுதி செய்துகொண்டுதான் கடைக்காரர் போனைக் கையில் கொடுக்க வேண்டும். கடை கட்டுமா, ஜெயித்தவர் கட்டுவாரா என்பதைப் போனின் படத்துக்குக் கீழேயே எழுதுங்கள். ஜெயித்த பிறகு ஒருவரிடம் பதின்மூன்றாயிரம் கேட்டால், போலிக் கணக்குக்காரர் கேட்பது போலத்தான் அவருக்குத் தோன்றும். கடையே கட்டிவிடும் என்றால் அதையும் எழுதுங்கள்.

வடிவமைப்பில் ஒரே ஒரு குறிப்பு. 1080-க்கு 1350 அளவு ஸ்லைடில் 36 பிக்சலுக்குக் குறைந்த தமிழ் எழுத்தை நான் வைப்பதில்லை. கொம்பும் சுழியும் மேலும் கீழும் நீள்வதால் வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விட வேண்டும். நிபந்தனை அந்த அளவில் அடங்கவில்லை என்றால் எழுத்தைச் சுருக்காதீர்கள், நிபந்தனையைக் குறையுங்கள். அல்லது இன்னொரு ஸ்லைடு சேருங்கள்.

போட்டி முடிந்ததும் முடிவை ஸ்டோரியில் மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மறுநாள் தேடி வருபவருக்கு எதுவும் இருக்காது. முடிவைக் கலந்துகொண்டவர்களுக்குத் தெரிவிக்காமல் விடுவதும் அதே 2019 சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. ஈரோட்டுக் கடைக்கு முடிவு ஸ்லைடையும் முதல் நாளே செய்து கொடுத்துவிட்டேன். நாலு கணக்குப் பெயர்களுக்கு இடம் விட்டு, குலுக்கல் நடந்த தேதி, மொத்தம் எத்தனை கமெண்ட் கணக்கில் எடுக்கப்பட்டது, யாராவது பதில் தராமல் மாற்றாள் எடுக்கப்பட்டாரா என்ற மூன்று வரிகளோடு. அதைத் தனிப் போஸ்ட்டாகப் பக்கத்தில் வைத்து, பழைய போட்டிப் போஸ்ட்டின் மேலே பின் செய்த கமெண்டில் "முடிவு வெளியாகிவிட்டது, பக்கத்தில் பார்க்கவும்" என்று எழுதச் சொன்னேன். கூப்பனின் கடைசித் தேதியான மார்ச் 31 வரைக்குமாவது அந்த இரண்டு போஸ்ட்டும் அழிக்கப்படக் கூடாது.