காசோலை: காசும் ஓலையும்

அண்ணன் மகனின் வினாத்தாளில் இரண்டு மதிப்பெண் கேள்வி ஒன்று: "பண்டமாற்றிலிருந்து வங்கி வரை பணம் வளர்ந்த விதத்தைச் சுருக்கமாக எழுதுக." பையன் நான்கு வரி எழுதியிருந்தான். 'காசோலை' என்ற சொல்லைப் பிரித்துக் காட்டினாலே பாதிக்கு மேல் விடை கிடைத்துவிடும் என்றேன்.

காசு + ஓலை = காசோலை. காசு என்பதன் ஈற்று உகரம் கெட்டு, ஓலையின் உயிர் வந்து ஏறிக்கொண்டது. 'செக்' என்பதற்கு இதுவே தமிழ். இலங்கையிலும் இதே சொல்தான்.

பண்டமாற்றுக் காலத்தில் காசுக்கு வேலை குறைவு. நெல்லும் உப்பும் சரிக்குச் சரி என்று கூவி உப்பு விற்கும் பெண்ணை அகநானூற்றின் 390ஆம் பாட்டில் பார்க்கலாம். அதே காலத்துக் குறுந்தொகையில் (67) காசு வேறு வேடத்தில் வருகிறது. வேப்பம்பழத்தைக் கவ்விய கிளியின் அலகு, பொன் அணிக்காக நூலில் கோக்கப்படும் காசைப் பிடித்த விரல்நகம் போல இருக்கிறதாம். அங்கே காசு கழுத்துக்குப் போகும் பொருள். காசுமாலை என்று இன்றும் சொல்கிறோமே, அந்தப் பொருள்தான்.

ராஜராஜன் காலத்தில் அது செலாவணிப் பொன்னாகிவிட்டது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பார்த்தால் கோயிலே ஒரு வங்கி மாதிரி இருக்கிறது. கோயிலுக்கு வந்த காசை ஊர்ச்சபைகள் கடனாக வாங்கி, ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை கட்டின. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. பொலிசை என்றால் வட்டி. 40 காசு வாங்கிய சபை ஆண்டுக்கு 5 காசு கட்ட வேண்டும், அதாவது 12.5 சதவீதம். இன்றைய தனிநபர் கடனோடு நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் காசுக்கு இறங்குமுகம். கும்பினிக்காரர்களின் மதராஸ் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். பொன்னாக இருந்தது செம்புச் சல்லியாகிவிட்டது. அந்தச் சில்லறை நாணயத்தை ஆங்கிலேயர் 'கேஷ்' என்றது நம் காசிலிருந்து, போர்த்துக்கீசியர் வழியாகப் போனது. ஆனால் ரொக்கம் என்ற பொருளில் வரும் 'கேஷ்' வேறு. அது பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. இரண்டையும் ஒன்றாக்கி "எல்லாம் நம்முடையதே" என்று பெருமை பேசுவது சரியில்லை.

சரி, ஓலை? ஓலை என்றால் பனையோலை மட்டுமல்ல, அதில் எழுதிய ஆவணமும்தான். பெரியபுராணத்தில் சுந்தரரின் திருமணத்தைத் தடுக்க ஒரு கிழவர் அடிமை ஓலையோடு வருகிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படியோலைதான், மூல ஓலை தன்னிடம் இருக்கிறது என்கிறார் கிழவர். அதை எழுதிக் கொடுத்தது சுந்தரரின் பாட்டனார் என்பது அவர் வாதம். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் அந்தப் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வரவழைத்து, இரண்டின் கையெழுத்தையும் ஒப்பிட்டுத்தான் தீர்ப்புச் சொல்கிறார்கள். செக்கில் போட்ட கையெழுத்தை வங்கி தன்னிடமுள்ள மாதிரியோடு ஒப்பிடுவதும் இதே வேலைதான்.

இடையில் காகிதப் பணம் வந்தது. ரூபாய்த் தாளும் காசோலையும் காகிதம் என்றாலும் தன்மை வேறு. தாள் ஒரு வாக்குறுதி: இத்தனை ரூபாய் தருகிறேன் என்று ரிசர்வ் வங்கி ஆளுநர் கையெழுத்திட்டிருப்பார். காசோலை ஓர் உத்தரவு: என் கணக்கிலிருந்து இவருக்கு இத்தனை கொடு என்று நாம் வங்கிக்கு எழுதுவது.

வாடகைக்காக 12,000 ரூபாய்க்குக் காசோலை கொடுத்தால், வீட்டுக்காரர் கையில் இன்னும் பணம் வரவில்லை. அவர் அதைத் தன் வங்கியில் போடுவார். அங்கிருந்து அதன் படம் நம் வங்கிக்கு வரும். கையெழுத்தும் கணக்கில் இருப்பும் சரியாக இருந்தால், நம் கணக்கில் 12,000 குறைந்து அவர் கணக்கில் ஏறும். நாணயமோ தாளோ எதுவும் நகராது. இருப்பு 11,900தான் என்றால் இருக்கிறவரைக்கும் கொடுப்போம் என்று வங்கி வழக்கமாகக் கொடுக்காது, முழுதாகத் திருப்பி அனுப்பிவிடும். எழுதிய தேதியிலிருந்து 3 மாதம் கடந்தாலும் செல்லாது.

'செக்' என்ற சொல்லுக்குச் சரிபார்ப்பு என்பதே அடிப்படை. சதுரங்கத்தில் ராஜாவுக்கு வைக்கும் செக்கும் அதே வேர், பாரசீக 'ஷா'. பொருளை அப்படியே பெயர்த்திருந்தால் 'சரிபார்ப்புச் சீட்டு' என்று ஏதாவது நம் தலையில் விழுந்திருக்கும். காசோலை என்று வைத்தவர் வேரைத் தேடாமல் வேலையைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார். டிமாண்ட் டிராஃப்டுக்கு வைத்த வரைவோலை என்ற பெயரிலும் இதே ஓலைதான் இருக்கிறது.