பிராம்ப்ட்: தூண்டுரையும் அதன் சொல்வரிசையும்

'பிராம்ப்ட்' என்ற சொல்லின் வேர் லத்தீன். வெளியே எடுத்துக் கொண்டுவருவது என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் அது நாடக மேடைக்குப் போனது: நடிகருக்கு வசனம் மறந்தால் திரைமறைவிலிருந்து அடியெடுத்துக் கொடுப்பவர் பிராம்ப்டர். நம்மூர் நாடகக் குழுக்களும் அவரை அந்தப் பெயராலேயே அழைத்தன. பிறகு கணினியில் `C:\>` என்று காத்திருக்கும் குறிக்கு இதே பெயர் வந்தது. அங்கே கணினி நம்மைத் தூண்டியது. இன்று படம் வரைவது போன்ற வேலைகளுக்கான செயற்கை நுண்ணறிவுச் செயலிகளுக்கு நாம் எழுதிக் கொடுப்பதற்கே பிராம்ப்ட் என்று பெயர். தூண்டுபவர் பக்கம் மாறிவிட்டார்.

தமிழில் கட்டளை, ஏவல், தூண்டல், உந்துரை என்று பலவும் எழுதப்படுகின்றன. படம் வரையும் செயலிகளைப் பொறுத்தவரை 'கட்டளை' எனக்கு ஒப்பாது. கட்டளை என்றால் கேட்பவர் அதைப் புரிந்துகொண்டு கீழ்ப்படிய வேண்டும். அப்படியொரு செயலியான ஸ்டேபிள் டிஃப்யூஷனிடம் "குடை வேண்டாம்" என்று எழுதினால் பெரும்பாலும் குடையோடுதான் படம் வரும். 'வேண்டாம்' அதன் காதில் சரியாக விழுவதில்லை, 'குடை' விழுந்துவிடுகிறது. வேண்டாதவற்றை எழுதத் தனிப் பெட்டி வைத்திருப்பதே அதனால்தான். 'தூண்டல்' பொருத்தமான சொல்தான், ஆனால் இயற்பியல் பாடத்தில் மின்காந்தத் தூண்டலும் உளவியலில் தூண்டல்-துலங்கலும் அதை ஏற்கெனவே எடுத்துக்கொண்டன. விளக்குத் திரியை மேலே தள்ளும் தூண்டுகோல் நமக்குத் தெரியும். எழுதித் தூண்டுவதால் 'தூண்டுரை' என்றே இங்கே எழுதுகிறேன்.

தூண்டுரையில் நான்கு பகுதிகள் வரும்: யார் அல்லது எது (கரு), எங்கே எப்போது (களம்), எந்தப் பாணி, அப்புறம் ஒளி, லென்ஸ் போன்ற நுட்பச் சொற்கள். எதை முன்னால் வைப்பது என்பதில்தான் தமிழ் பேசுகிறவர்களுக்கு ஒரு சிக்கல். "விடியற்காலையில், நெரிசலான சந்தைத் தெருவில், மல்லிகைப் பூக் கட்டும் கிழவி" என்பது நமக்கு இயல்பான வரிசை. அடைகள் எல்லாம் முதலில் வந்து, தலைமைச் சொல் கடைசியில் உட்காரும். அதை அப்படியே துண்டு துண்டாக ஆங்கிலத்தில் பெயர்த்தால் கிழவி வரிசையின் வாலில் போய்விடுவாள். ஸ்டேபிள் டிஃப்யூஷனின் 2022ஆம் ஆண்டுப் பதிப்புகளுக்கு இது ஒத்துவராது.

காரணம் இரண்டு. அந்தப் பதிப்புகளில் நம் எழுத்தைப் படிப்பது கிளிப் என்ற பகுதி. அது சொற்களை இடமிருந்து வலமாகப் படிக்கிறது. ஒவ்வொரு சொல்லும் தனக்கு முன்னால் வந்தவற்றை மட்டுமே பார்க்கும், பின்னால் வருவதைப் பார்க்காது. அதனால் முதலில் வைத்த சொல்லின் சாயல் பின்னால் வரும் எல்லாவற்றிலும் கொஞ்சம் படிகிறது. கடைசிச் சொல்லுக்கு அந்த வாய்ப்பு இல்லை. இன்னொன்று, அது கற்றுக்கொண்டது இணையத்துப் படக்குறிப்புகளிலிருந்து. படக்குறிப்பு எழுதுகிறவர் படத்தில் இருப்பது என்ன என்பதைத்தான் பெரும்பாலும் முதலில் சொல்வார்.

மேலே சொன்ன கிழவியையே எடுத்துக்கொள்வோம். பலரும் எழுதுகிற முறை இது:

```
masterpiece, 8k, cinematic lighting, 85mm, bokeh,
watercolor, early morning, busy market street,
old woman stringing jasmine flowers
```

இதற்கு அழகான தெரு வரும். வெளிச்சம் நன்றாக இருக்கும். கிழவி ஓரமாகவோ தூரத்திலோ நிற்பாள், பல சமயம் வயதே குறைந்திருக்கும். கையில் சரத்துக்குப் பதில் பூங்கொத்து இருக்கும். இன்னொரு தகராறும் உண்டு: 85 மி.மீ. லென்ஸும் மங்கிய பின்புலமும் புகைப்படத்தின் சொற்கள், நீர்வண்ணம் ஓவியத்தின் சொல். இரண்டும் இழுத்துக்கொண்டு, மெழுகு பூசிய புகைப்படம் மாதிரி ஒன்று வந்து நிற்கும். `8k` என்று எழுதுவதால் படத்தின் அளவு ஒரு புள்ளிகூடக் கூடாது; நீள அகலத்தை வேறு இடத்தில் கொடுக்கிறோம். முன்வரிசையில் இடத்தை அடைப்பதுதான் அந்தச் சொல் செய்யும் வேலை.

மாற்றி எழுதினால் இப்படி வரும்:

```
watercolor painting of an old woman stringing jasmine
flowers, wrinkled hands, seated on a low stool,
busy market street, early morning, soft side light
```

கரு முதலில் என்று சொல்லிவிட்டு நீர்வண்ணத்தை முன்னால் வைத்தது ஏன் என்று கேட்கலாம். "இன்னாரின் நீர்வண்ண ஓவியம்" என்பது படக்குறிப்புகளில் ஒரே மூச்சாக வரும் தொடர். அந்த ஒரு சொல் மட்டும் கருவோடு ஒட்டிக்கொண்டு தலையில் நிற்கலாம். மற்றப் பாணிச் சொற்களையும் பின்னாலேயே அங்கு ஏற்றினால் கரு மறுபடி பின்னுக்குப் போய்விடும். சுருங்கிய கைகள் கிழவிக்கு அடுத்து வந்திருப்பதையும் கவனியுங்கள். தெருவுக்குப் பிறகு வைத்தால் அந்தச் சுருக்கம் யாருடையது என்பது குழம்பும். சிவப்புச் சேலையின் நிறம் பக்கத்துக் குடைக்கு ஒழுகுவதும் இதே குழப்பத்தால்தான். அருகில் வைத்தால் குறையும், முழுவதும் நிற்காது.

வரிசைதான் வேலை செய்ததா என்று தெரிய, படம் எந்தத் தற்செயல் புள்ளியிலிருந்து தொடங்கும் என்பதைத் தீர்மானிக்கும் `seed` எண்ணை மாற்றாமல் நிறுத்திவைத்து ஒரே ஒரு துண்டை மட்டும் இடம் மாற்றிப் பாருங்கள். அந்த எண் ஓடிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு முறையும் வேறு படம்தான் வரும். வித்தியாசம் வரிசையாலா தற்செயலாலா என்று சொல்லவே முடியாது.

வரிசையை மாற்றியும் மல்லிகை தெரியவில்லை என்றால், அப்போது அழுத்தம் கொடுக்கலாம். ஆங்கிலத்தில் இதை எடை என்பார்கள்; ஆனால் செயலி கற்றுவைத்திருக்கும் எண்களுக்கும் அதே பெயர் என்பதால் 'அழுத்தம்' குழப்பாது. ஸ்டேபிள் டிஃப்யூஷனை இயக்க உதவும் AUTOMATIC1111 என்ற இடைமுகத்தில் ஒரு சொல்லை அடைப்புக்குறிக்குள் போட்டால் 1.1 மடங்கு அழுத்தம். எண்ணையும் கொடுக்கலாம்:

```
(jasmine flowers:1.2)
```

1.2, 1.3 வரை பொதுவாகத் தாங்கும். 1.5ஐத் தாண்டினால் நிறம் கருகினாற்போல் அடர்ந்து, உருவம் கோணலாகத் தொடங்கும். நாலைந்து சொற்களுக்கு அழுத்தம் கொடுத்தால் எதற்குமே கொடுக்காத மாதிரிதான்.

நீளத்துக்கும் எல்லை உண்டு. கிளிப் ஒரு தடவையில் 75 சொல்துண்டுகளைத்தான் எடுக்கும். காற்புள்ளியும் ஒரு துண்டு. இதே இடைமுகத்தில் மீதி இன்னொரு தொகுதியாகத் தனியாகப் படிக்கப்படும். அங்கே முதலில் வந்து விழும் சொல்லுக்குத் தலைமை இடம் கிடைத்துவிடும். கடைசியில் எங்கோ எழுதிய மூடுபனி திடீரென்று படம் முழுக்கப் பரவினால், துண்டு எண்ணிக்கை காட்டும் எண்ணைப் பாருங்கள். அது 75ஐத் தாண்டியிருக்கும்.

நேரடியாகத் தமிழில் எழுதினால் என்ன? இந்தப் பழைய பதிப்புகள் கற்றது ஆங்கிலக் குறிப்புகளில். தமிழ் எழுத்துகளை அவை பைட்டு பைட்டாக உடைக்கும். ஒரு குறியீட்டுக்கு 3 பைட்டு. ஒரு வரியிலேயே 75இல் பெரும்பகுதி போய்விடும், பொருளும் போய்ச் சேராது. 2024இல் வந்த ஃப்ளக்ஸ் போன்ற படச் செயலிகளில் T5 என்ற வேறொரு வாசிப்பான் இருக்கிறது. அது முன்னும் பின்னும் பார்த்துப் படிக்கும், முழு வாக்கியத்தையும் நீளமான விவரணையையும் ஏற்கும். அங்கே காற்புள்ளிச் சங்கிலியை விட்டுவிட்டு, யார் எங்கே உட்கார்ந்து எதைச் செய்கிறார் என்று ஆங்கில வாக்கியமாகவே எழுதலாம்; கிழவி இரண்டாவது வாக்கியத்தில் வந்தாலும் பெரும்பாலும் தொலைந்துபோக மாட்டாள்.