பெங்களூரு சலவைக் கடையைச் சேலத்தில் திறக்கும் முன்

வங்கிக் கடனுக்குத் திட்ட அறிக்கை தயாரிப்பது என் தொழில். பெங்களூருவில் நன்றாக ஓடும் ஒரு கடையின் வரவு செலவுத் தாளோடு வந்து, அப்படியே சேலத்துக்கு எழுதித் தரக் கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். அந்தத் தாளில் வாடகை இருக்கும், சம்பளம் இருக்கும். பணம் கொடுப்பவர் யார், எதற்காகக் கொடுக்கிறார் என்பது மட்டும் இருக்காது. சொந்தச் சேமிப்பைப் போடுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

அண்மையில் வந்த ஓர் இளைஞரின் கணக்கைச் சொல்கிறேன். கிலோ கணக்கில் துணி துவைத்து மடித்துத் தரும் கடையைச் சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் திறக்க நினைத்தார். வாடகை, இரண்டு ஆட்களின் சம்பளம், கடன் தவணை எல்லாம் சேர்த்து மாதம் 75,000 ரூபாய் நிலையான செலவு. பெங்களூருவில் கிலோவுக்கு 90 ரூபாய் வாங்குகிறார்கள். சோப்பு, தண்ணீர், மின்சாரம், வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் செலவு எல்லாம் 30 ரூபாய். மிச்சம் 60. ஆக மாதம் 1,250 கிலோ வந்தால் முதலுக்கு மோசமில்லை. அங்கே வாடிக்கையாளர் அறை எடுத்துத் தங்கியிருக்கும் இளைஞர். இயந்திரம் இல்லை, காயப்போட இடமில்லை, எல்லாத் துணியையும் கொடுத்துவிடுகிறார். மாதம் 20 கிலோ என்று வைத்தால் 63 பேர் போதும்.

சேலத்தில் அந்த வாடிக்கையாளர் குறைவு. இங்கே பெரும்பாலும் குடும்பங்கள். வீட்டில் சலவை இயந்திரமும் மொட்டை மாடியில் கொடியும் இருக்கின்றன, தெருமுனையில் இஸ்திரி வண்டி நிற்கிறது. அன்றாடத் துணி வெளியே போகாது. கம்பளி, திரைச்சீலை, மெத்தை உறை என்று வீட்டில் துவைக்க முடியாததுதான் கடைக்கு வரும். மாதம் 5 கிலோ வந்தாலே அதிகம். 90 ரூபாய் கேட்டால் தயங்குவார்கள், 60 என்றால் கொடுப்பார்கள். செலவு அதே 30 என்பதால் மிச்சமும் 30 ஆகிவிடுகிறது. விலை மூன்றில் ஒரு பங்கு குறைய, தேவைப்படும் எடை இரட்டிப்பாகி 2,500 கிலோ ஆகிறது. குடும்பத்துக்கு 5 கிலோ என்றால் 500 குடும்பங்கள் வேண்டும். 63 எங்கே, 500 எங்கே! கடையின் வண்ணத்தையோ பெயர்ப் பலகையையோ மாற்றி இந்த இடைவெளியை மூட முடியாது.

அவருக்கு நான் ஏற்காட்டைக் காட்டினேன். மலையில் மழையும் மூடுபனியும் உள்ள மாதங்களில் கொடியில் போட்ட படுக்கை விரிப்பு எளிதில் காயாது. துவைத்து உலர்த்தித் தர ஆள் இல்லாமல் தவிப்பவர்கள் அங்குள்ள சிறிய விடுதிக்காரர்கள். ஓர் அறைக்கு விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் சேர்த்துச் சுமார் 2 கிலோ. இருபது அறை விடுதி சனி, ஞாயிறு நிரம்பி, மற்ற நாட்களில் கால்வாசி ஓடினால் மாதம் ஏறத்தாழ 550 கிலோ. மூன்று விடுதிகளுக்கு 1,650 கிலோ. கிலோவுக்கு 40 ரூபாய்தான் கிடைக்கும். ஆனால் மொத்தமாக வருவதால், மலைக்கு வண்டிச் செலவு உட்பட 18 ரூபாயில் முடியும். மிச்சம் சுமார் 36,000, நிலையான செலவில் ஏறக்குறைய பாதி. மீதிக்கு 260 குடும்பங்கள் வந்தால் போதும்.

இதிலும் இடர் இருக்கிறது. இரண்டு நாள் அழுக்கும் திங்கட்கிழமை ஒன்றாக வந்து குவியும்: மூன்று விடுதிகளுக்கு 240 கிலோ. பத்துக் கிலோ இயந்திரம் ஒன்று ஒரு நாளில் பத்து முறை ஓடினாலும் 100 கிலோதான். பெரிய ஓட்டல்கள் ஒரு படுக்கைக்கு மூன்று ஜோடி விரிப்பு வைத்திருக்கும்: விரித்தது ஒன்று, சலவையில் ஒன்று, அலமாரியில் ஒன்று. சிறிய விடுதிகளில் இரண்டு ஜோடிதான் இருக்கும், அதனால் மறுநாளே கேட்பார்கள். மூன்றாவது ஜோடி வாங்க விடுதிக்காரரைச் சம்மதிக்க வைத்த பிறகே வேலையை ஒப்புக்கொள்ளுங்கள்.

அடுத்தது பணம் கைக்கு வரும் தாமதம். குடும்பங்கள் கையோடு பணம் தருவார்கள். விடுதிகள் மாதம் முடிந்து, மேலும் பல நாள் கழித்தே தரும். மாதம் 66,000 ரூபாய் பட்டியலுக்கு ஒன்றரை மாதம் காத்திருந்தால் ஒரு லட்சம் ரூபாய் வெளியே நிற்கும். பெங்களூருத் தாளில் நடைமுறை மூலதனத்துக்கு அப்படி ஒரு வரியே இல்லை. அதைச் சேர்க்காமல் கடன் கேட்டால், மூன்றாம் மாதம் சம்பளம் கொடுக்கவே திணற வேண்டியிருக்கும்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை நம்பினால், கடை பிடிக்கும் முன்பே அதன் கடினத்தன்மையைப் பரிசோதியுங்கள். உப்புத் தண்ணீரில் சோப்பு அதிகம் செலவாகும், வெள்ளைத் துண்டு சில மாதங்களில் சாம்பல் நிறமாகிச் சொரசொரக்கும். விடுதிக்காரர் முதலில் குறை சொல்வது அதைத்தான். தண்ணீரை மென்மையாக்கும் கருவியின் விலையும் மதிப்பீட்டில் ஏற வேண்டும்.

பெயர் உரிமை வாங்கித் தொடங்குபவர்கள் ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். விலைப் பட்டியலை மாற்ற உங்களுக்கு உரிமை உண்டா? பெயர் உரிமையாளருக்குத் தரும் பங்குத் தொகை விற்பனை மீதா, லாபத்தின் மீதா? பெரும்பாலும் விற்பனை மீதுதான் இருக்கும். 60 ரூபாய் விற்பனையில் பத்து சதவீதம் போனால் 30 ரூபாய் மிச்சம் 24 ஆகும். விடுதியின் 40 ரூபாயில் 22 மிச்சம் 18 ஆகும். விடுதி வேலையைப் பங்குத் தொகையிலிருந்து விலக்கித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். அந்த இளைஞர் கேட்டார், பெயர் உரிமையாளர்கள் மறுத்துவிட்டார்கள். இப்போது சொந்தப் பெயரில் கடை போட அறிக்கை தயாராகிறது.